மக்கும்னு போட்டிருக்கு, எங்க மக்கும்னு போடலையே!

2024 மார்கழியில மல்லாட்டைக் கொல்லையில முதல் களை வெட்டு. (சென்னைக்காரங்க வேர்க்கடலைன்னு சொல்றதை செஞ்சி பக்கம் நாங்க மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்.) விதைச்சு இருபது நாள் ஆகியிருக்கும். நாலு பேர் களைக்கொத்தோட வரிசையா உட்கார்ந்து வெட்டிக்கிட்டு வந்தாங்க. நான் வரப்பு மேல நின்னு ராஜகிரி மலைப் பக்கம் மேகம் ஏதாவது திரளுதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல வயசான அம்மா ஒருத்தங்க தலையைத் தூக்காமலே கேட்டாங்க.

"ஏண்ணே, எருவோட சேத்து கவரையும் விதைச்சிட்டியா? மல்லாட்டை மொளைச்சுதோ இல்லியோ, கவரு நல்லா மொளைச்சிருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கிட்ட போய்ப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. பச்சையா வெள்ளையா பை கிழிசல் மண்ணுல அங்கங்க நீட்டிக்கிட்டு இருந்துது. சிலது உள்ளங்கை அளவு, சிலது நகம் அளவு. நடுநடுவுல வெள்ளை ஸ்பூனும் கிடந்துது, புதுசு மாதிரி, முழுசா. கழுவினா இன்னொரு விருந்துக்கு வைக்கலாம்.

இது எங்கிருந்து வந்துதுன்னு எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. 2023 வைகாசியில பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. எங்க எருக்குழி என் மருமகனுக்குத் தெரியும், பிளாஸ்டிக் போட்டா நான் கத்துவேன்னும் தெரியும். அதனால மெனக்கெட்டு சென்னையில தேடி, "மக்கும் பை"ன்னு அச்சடிச்ச பையும் "மக்கும் ஸ்பூனும்" வாங்கிக்கிட்டு வந்தாரு. தாம்பூலம் போட ஒரு கடைப் பை, குப்பை கட்ட இன்னொரு கடைப் பை. விருந்து முடிஞ்சதும் எச்சில் இலை, ஸ்பூன், பை எல்லாத்தையும் குழியில தள்ளினோம். மக்கும்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன பயம்? ஒன்றரை வருஷம் கழிச்சு கார்த்திகையில அந்த எருவை அள்ளிக் கொல்லையில இறைச்சு ஏர் ஓட்டினேன்.

நாலு பேரும் களையோட சேத்து பொறுக்கினதுல ஒரு அன்னக்கூடை நிறைஞ்சுது. பெருசைப் பொறுக்கிடலாம். நகத்தளவு இருக்கிறதை யாரு பொறுக்குறது? மல்லாட்டை பிடுங்கும்போது அது வேரோட சிக்கிக்கிட்டு வரும். காயைப் பறிச்ச பிறகு அந்தக் கொடிதான் என் ரெண்டு மாட்டுக்கும் தீனி. மாட்டு வயித்துக்குள்ள போன பிளாஸ்டிக் செரிக்காது. சாணியில முழுசா வெளியேயும் வராது. கொஞ்சம் கொஞ்சமா சேந்து பந்தா உருண்டுக்கும். அந்த வருஷம் கொடியை உதறி உதறிப் பாத்துட்டுத்தான் மாட்டுக்குப் போட்டோம்.

அன்னைக்கு ராத்திரி மகளுக்குப் போன் பண்ணேன். மிச்சமான பைகளை அது எடுத்து வெச்சிருந்துது. படிச்சுச் சொல்லச் சொன்னேன்.

"அப்பா, ஒண்ணுல இங்கிலீஷ்ல பயோடிகிரேடபிள்னு போட்டிருக்கு. இன்னொண்ணுலயும் ஸ்பூன் அட்டையிலயும் கம்போஸ்டபிள்னு இருக்கு. தமிழ்ல எல்லாத்துலயும் மக்கும்னுதான்பா இருக்கு."

சிக்கல் இங்கதான். இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை. தமிழ்ல அச்சடிக்கும்போது ரெண்டும் ஒரே "மக்கும்" ஆயிடுது. பச்சைத் தொட்டி நீலத் தொட்டி வெச்சு மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்தப் பழக்கத்துல மக்கும்னு கண்ணுல பட்டா கை தானா பச்சைத் தொட்டிக்குப் போகுது.

அதுக்கப்புறம் மகளும் நானுமா படிச்சு, விசாரிச்சு, நானே போட்டும் பாத்ததை எழுதுறேன்.

பயோடிகிரேடபிள்னா நுண்ணுயிர் தின்னு சிதைக்கக்கூடியதுன்னு அர்த்தம். எங்க, எத்தனை நாள்ல, கடைசியில என்ன மிஞ்சும்னு அந்த வார்த்தை சொல்லவே சொல்லாது. பனங்கட்டையும் ஒருநாள் மக்கும், கீரைத்தண்டும் மக்கும். ரெண்டையும் ஒரே வார்த்தையில சொன்னா கேக்குறவனுக்கு என்ன புரியும்? இந்தப் பேர்ல வித்த பைகள்ல ஒரு ரகம் சாதாரண பாலிதீன்தான். அதுல இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் மாதிரி உலோக உப்பைக் கொஞ்சம் கலந்திருப்பாங்க. வெயிலும் சூடும் பட்டா அந்த உப்பு பாலிதீனை உடைச்சு நொறுக்கும். ஆக்சோ ரகம்னு பேரு. கண்ணுக்குப் பை மறைஞ்ச மாதிரி இருக்கும், தூள் மண்ணுலதான் கிடக்கும். நொறுங்குறது வேற, மக்குறது வேற. ஓட்டுச் சில்லை உடைச்சுத் தூளாக்கினா அது எரு ஆயிடுமா? ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரகத்தை 2021 ஜூலையில இருந்து விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிடுச்சு.

கம்போஸ்டபிள் அப்படி இல்லை. அதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 ங்கறது அதோட எண். 58 டிகிரி சூட்டுல உரக்குவியலுக்குள்ள வெச்சுப் பாப்பாங்க. 12 வாரம் கழிச்சு 2 மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சா, போட்டதுல பத்துல ஒரு பங்குக்கு மேல சல்லடையில நிக்கக் கூடாது. அதுல இருக்கிற கரியில 90 சதவீதம் ஆறு மாசத்துக்குள்ள நுண்ணுயிர் தின்னு மூச்சா விட்டிருக்கணும், அதாவது கார்பன் டை ஆக்சைடா மாறியிருக்கணும். விஷம் எதுவும் மண்ணுல தங்கக் கூடாது. இது நேர்மையான பரீட்சைதான், அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை.

நம்ம வீட்டுக்கு இடிக்கிறது அந்த 58 டிகிரிதான்.

ஏன் அவ்வளவு சூடு? ஸ்பூன், மூடி மாதிரி கெட்டியான சாமான் பெரும்பாலும் மக்காச்சோள மாவுல இருந்தோ கரும்புச் சக்கரையில இருந்தோ எடுக்கிற பி.எல்.ஏ. ங்கற பொருள்ல செய்யறது. நீளமான சங்கிலி மாதிரி அமைப்பு அதுக்கு. அந்த நீளத்தோட நுண்ணுயிரால கடிக்க முடியாது. முதல்ல தண்ணி உள்ள போய் சங்கிலியைத் துண்டு துண்டா அறுக்கணும், அப்புறம்தான் தின்னும். 60 டிகிரியை நெருங்கும்போதுதான் அது இளகும், தண்ணி உள்ள நுழையும். சூடு இல்லைன்னா கல்லு மாதிரி கிடக்கும். அரிசியைப் பச்சைத்தண்ணியில பத்து நாள் ஊற வெச்சாலும் சோறாகுமா? அடுப்பு வேணும்ல, அந்தக் கதைதான்.

அப்ப என் எருக்குழியில எவ்வளவு சூடு? முப்பது வருஷமா எரு போடுறேன், ஒரு நாளும் அளந்து பாத்ததில்லை. மகள் நீட்டுக் கம்பி வெச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி அனுப்புச்சு. குழியில குத்திப் பாத்தா 36 டிகிரி. வேற வேற நாள்ல, வேற வேற இடத்துல குத்தியும் 34க்கும் 38க்கும் நடுவுலதான். தினம் ரெண்டு கூடை சாணி, கூட்டின குப்பைன்னு கொஞ்சம் கொஞ்சமா கொட்டுற குழி சூடாகாது. உள்ள காத்தும் இருக்காது. எரு ஆகும், மெதுவா ஆகும்.

சரி, சூடா ஒரு குவியல் போட்டுப் பாப்போம்னு 2025 தை கடைசியில ஆரம்பிச்சேன். நாலு அடி நீளம், நாலு அடி அகலம், நாலு அடி உயரம். ரொம்பச் சின்னதா போட்டா சூடு உள்ள தங்காது. அடியில காஞ்ச குச்சி, அது மேல காஞ்ச இலை ஒரு சாண், பச்சைத் தழை அரைச் சாண், சாணிக்கரைசல், இப்படியே மாத்தி மாத்தி அடுக்கினேன். கையில அள்ளிப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு வடியற அளவுக்கு ஈரம்.

பழைய வெங்காய வலைப்பை நாலு எடுத்துக்கிட்டேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சாமான்: பயோடிகிரேடபிள் பையில ஒரு சாண் துண்டு, கம்போஸ்டபிள் பையில ஒரு சாண் துண்டு, கம்போஸ்டபிள் ஸ்பூன் ஒண்ணு, மந்தார இலைத் தையல் தட்டு ஒண்ணு. இந்த நாலையும் குவியல் நடுவுல வெச்சேன். இதே மாதிரி நாலு வலையைப் பழைய எருக்குழியில புதைச்சேன். இன்னொரு நாலு என் மகளோட சென்னை பிளாட் பால்கனியில இருக்கிற மண்பானை உரத்தொட்டிக்குப் போச்சு.

குவியல் நாலாம் நாள் 61 டிகிரி காட்டுச்சு. கடப்பாறையைக் குத்தி வெச்சு கொஞ்ச நேரம் கழிச்சு உருவினா கையில பிடிக்க முடியலை. தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு அதுதான் அடையாளம். பத்தாம் நாள் 50க்கு இறங்குச்சு. புரட்டிப் போட்டேன், திரும்ப 57 வந்துது. இன்னொரு தடவை புரட்டினேன், 52. ஒரு மாசத்துக்கு மேல என்ன புரட்டினாலும் 40தான். ஆக இவ்வளவு பாடுபட்டும் 55க்கு மேல இருந்தது மொத்தமே பத்துப் பன்னெண்டு நாள். பரீட்சையில வாரக்கணக்கா 58லேயே பிடிச்சு வெச்சிருப்பாங்க. பெரிய உரத் தொழிற்சாலையில மலை மாதிரி குவிச்சு, காத்து செலுத்தி, மெஷின்ல புரட்டி நிறைய நாள் சூட்டை நிறுத்துறாங்க. நம்மால முடியாது.

மூணு மாசம் கழிச்சு சித்திரையில எல்லாத்தையும் எடுத்தோம். மந்தாரத் தட்டு சூடான குவியல்ல இருந்த இடமே தெரியலை. எருக்குழியில நரம்பு மட்டும் கொஞ்சம் இருந்துது, விரல்ல தேச்சா மண்ணு. மகளோட பானையில கறுத்துப் போய் பிஞ்சு வந்துதாம்.

கம்போஸ்டபிள் பை, சூடான குவியல்ல பெரும்பாலும் போயிடுச்சு. மடிப்பு மடிஞ்ச இடத்துல மட்டும் ஈர அப்பளம் மாதிரி நாலைஞ்சு துண்டு, தொட்டா பிஞ்சுது. எருக்குழியில இருந்த துண்டுல ஓட்டை விழுந்திருந்துது, ஆனா பைன்னு அடையாளம் தெரிஞ்சுது. பானையில போட்டது நிறம் மங்கினதோட சரி.

ஸ்பூன் குவியல்ல வெளுத்து வளைஞ்சு போயிருந்துது. ஒடிச்சா பிஸ்கோத்து மாதிரி ஒடிஞ்சுது. இன்னும் ரெண்டு மூணு சூடு குடுத்தா போயிருக்கும்னு நினைக்கிறேன். எருக்குழியிலயும் பானையிலயும் போட்ட ஸ்பூனுக்கு ஒரு கீறல் கூட இல்லை.

பயோடிகிரேடபிள் பை மூணு இடத்துலயும் அப்படியே இருந்துது. சாணிக் கறை பட்டிருந்துது, அவ்வளவுதான். அதோட இன்னொரு துண்டை வேலியில கட்டி வெச்சிருந்தேன். அது வெயில்ல காஞ்சு, கையில எடுத்ததும் செதில் செதிலா உதிர்ந்துது. கொல்லையில பாத்த நகத்தளவுத் துண்டு எப்படி வந்துதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அந்தப் பையில இன்னதுன்னு விவரம் எதுவும் அச்சடிக்கலை. உதிர்ந்ததைப் பாத்தா ஆக்சோ ரகமா இருக்கலாம்னு தோணுது.

என் சோதனை ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கொல்லையில பண்ணது. படிச்சவங்க பெருசா பண்ணதும் இருக்கு. இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்துக்காரங்க இந்த மாதிரி பைகளை மண்ணுல புதைச்சு, கடல்ல போட்டு, வெளியில தொங்கவிட்டுப் பாத்தாங்க. முடிவு 2019ல வந்துது. பயோடிகிரேடபிள்னு போட்ட பை மூணு வருஷம் மண்ணுல இருந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்குச்சு. கம்போஸ்டபிள் பை கடல்ல மூணு மாசத்துல காணாமப் போச்சு. அதே பை மண்ணுல 27 மாசம் கழிச்சும் இருந்துது, எடை தாங்குற பலம்தான் இல்லை. ஒரே பை, இடம் மாறினா நடத்தை மாறுது.

லண்டன்ல இன்னொரு பல்கலைக்கழகம், யு.சி.எல்.னு சொல்லுவாங்க, பொதுஜனங்களோட வீட்டு உரத்தொட்டியிலயே சோதனை நடத்தி 2022ல வெளியிட்டாங்க. "வீட்டிலேயே மக்கும்"னு தனிச் சான்று வாங்கின பிளாஸ்டிக்ல கூட 60 சதவீதம் முழுசா சிதையலைன்னு வந்துது. அந்த வீட்டுச் சான்று வேற பரீட்சை. 20ல இருந்து 30 டிகிரிக்குள்ள, ஒரு வருஷத்துல மக்கணும். அதுல பாஸ் பண்ணதுக்கே இந்த கதி. 58 டிகிரியில பாஸ் பண்ணதை நம்ம பால்கனியில போட்டா?

மண்புழு உரம் போடுறவங்களுக்கு ஒண்ணு. புழு இருக்கிற தொட்டி சூடாகவே கூடாது, 35க்கு மேல போனா புழு தாங்காது. அதனால கம்போஸ்டபிள் பை அங்க கரையும்னு எதிர்பாக்க வேண்டாம். காய்கறித் தோலை அந்தப் பையில கட்டி அப்படியே தொட்டியில போடுறவங்க இருக்காங்க. உள்ள இருக்கிற தோல் காத்து போகாம அழுகி நாறும், பை மட்டும் நிக்கும். தொட்டியில நாத்தம் வந்தா முதல்ல அதைத் தேடுங்க.

அப்ப கடையில எப்படிப் பாக்குறது? தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை. அதுல அந்த 17088 தரத்துக்கு உட்பட்ட கம்போஸ்டபிள் பைக்கு விலக்கு குடுத்தாங்க. விலக்கு இருக்குன்னதும் மக்கும்னு அச்சடிச்ச பை நிறைய வந்துடுச்சு. நிஜமான கம்போஸ்டபிள் பையில தயாரிச்சவங்க பேரு, அந்தத் தர எண், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடுத்த சான்று எண் மூணும் இருக்கணும். வெறும் இலைப்படமும் "பசுமை"ங்கற வார்த்தையும் இருந்தா கீழ வெச்சுடுங்க.

2024 மார்ச்ல மத்திய அரசு விதியை இன்னும் இறுக்குச்சு. கம்போஸ்டபிள் சாமான்ல "தொழிற்சாலை முறை உரமாக்கலில் மட்டுமே மக்கும்" ங்கற பொருள்ல இங்கிலீஷ்ல அச்சடிக்கணும். பயோடிகிரேடபிள்னு சொன்னா எத்தனை நாள்ல, எந்த இடத்துல சிதையும்னு போடணும், மண்ணா, தண்ணியா, என்னன்னு. நான் கேட்ட கேள்வியையேதான் விதியும் கேக்குது. அடுத்த தடவை பை வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்க. எழுத்து சின்னதா இருக்கும்.

ஏற்கனவே வீட்டுல இருக்கிற பையை என்ன பண்றதுன்னு மகள் கேட்டுச்சு. பானையில போடாதே, மத்த பிளாஸ்டிக்கோட கலந்து பழைய சாமான்காரருக்கும் போடாதே. உருக்கும்போது இது கலந்தா அந்த பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகும். தனியா சேத்து வெச்சு, குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட அவங்க உரக்கூடத்துல இதை வாங்குவாங்களான்னு கேளு. நிறைய இடத்துல கையாலதான் பிரிக்கிறாங்க. அவங்க கண்ணுக்கு எல்லாப் பையும் ஒண்ணுதான், எடுத்து மக்காத பக்கம்தான் போடுவாங்க. சூடு பிடிக்கிற பெரிய உரக்கூடம் வாங்கிக்கிட்டா மட்டும்தான் அந்தப் பைக்கு அர்த்தம்னு சொன்னேன்.

இந்த வருஷம் ரெண்டாவது பேத்திக்குக் காதுகுத்து. மருமகன் போன்ல, "மாமா, இந்த தடவை நல்ல சான்று போட்ட பையாப் பாத்து வாங்கிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டாரு.

"வேணாம் மாப்ள. இலை திண்டிவனத்துல சொல்லிட்டேன். தாம்பூலத்துக்குத் துணிப்பை உங்க அத்தை தெச்சு வெச்சிருக்கா. ஸ்பூன் வேணும்னா வீட்டுல எவர்சில்வர் நாலு டஜன் இருக்கு, கழுவ நீங்க வாங்க"ன்னேன்.

கொல்லையில இன்னும் ஏர் ஓட்டும்போதெல்லாம் ரெண்டு துண்டு மேல வருது. குனிஞ்சு எடுத்து சட்டைப்பையில போட்டுக்கிறேன்.